எண்பது ஐம்பதான கணக்கு

சிப் வடிவமைப்பை உற்பத்திக்கு அனுப்பும் டேப்-அவுட்டுக்குச் சில வாரங்களுக்கு முன், தரவு அடுத்த கிளாக் விளிம்புக்குள் வந்துசேர்கிறதா என்று பார்க்கும் செட்டப் சோதனையில், அந்த விளிம்பின் நிச்சயமின்மைக்காக ஒதுக்கிவைக்கும் கிளாக் அன்சர்ட்டன்டியை 80 பிகோநொடியிலிருந்து 50-க்குக் குறைக்க ஒப்புதல் அளித்தவன் நான். அது சரியான முடிவுதானா என்பதை இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

கணக்கு என்னவோ எளியதுதான். கிளாக் 1 கிகாஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 1000 பிகோநொடி. ஃபிளாப் என்பது கிளாக் விளிம்பில் தரவைப் பிடித்துவைக்கும் சுற்று. எங்களைப் படுத்திய பாதையில் அனுப்பும் ஃபிளாப்பின் வெளியீடு மாற 70, நடுவிலுள்ள லாஜிக்குக்கு 800, பெறும் ஃபிளாப்பின் செட்டப்புக்கு 40, ஆக 910. கிளாக்கை ஃபிளாப்புகளுக்குக் கொண்டுசேர்க்கும் பஃபர்களின் கிளாக் மரத்தைக் கட்டி முடித்தபோது பெறும் ஃபிளாப்புக்குக் கிளாக் 30 பிகோநொடி முன்னதாக வந்துசேர்ந்தது. இந்த ஸ்க்யூவைக் கழித்தால் கையில் இருப்பது 970, மிச்சம் 60. அதில் 80-ஐக் கழித்தால் 20 குறைகிறது, 50-ஐக் கழித்தால் 10 மிஞ்சுகிறது.

மரம் கட்டுவதற்கு முன் போட்ட அந்த 80-இல், ஸ்க்யூ இவ்வளவு இருக்கலாம் என்ற ஊகத்துக்கு 30, விளிம்பு சுற்றுக்குச் சுற்று முன்பின்னாக ஆடும் ஜிட்டருக்கு 40, கைக்காப்பாக 10 என்று வைத்திருந்தோம். மரம் வந்தபின் உண்மையான ஸ்க்யூவை டைமிங் கருவியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஊகத்துக்கான 30-ஐயும் விட்டுவைத்தால் ஒரே ஸ்க்யூவுக்கு இருமுறை விலை கொடுத்ததாகும். ஆகவே கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பில் இந்த வரி நானோநொடி அலகில் இப்படி மாறியது:

```
set_clock_uncertainty -setup 0.050 [get_clocks core_clk]
```

மாற்றத்தைப் பார்த்துவிட்டு, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் என் இடத்துக்கு வந்தார். “சார், அந்த 40 எங்கிருந்து வந்தது?” என்றார். கிளாக்கை உருவாக்கும் பி.எல்.எல். விவரக்குறிப்பிலிருந்து என்றேன். “பி.எல்.எல்.லிலிருந்து ஃபிளாப் வரைக்கும் வழியில் ஒன்றும் சேராதா, சார்?” மரத்தின் பஃபர்களின் தாமதம் சற்றுக் கூடவோ குறையவோ செய்யலாம் என்று டிரேட் போட்டிருக்கிறோம், அது பார்த்துக்கொள்ளும் என்றேன். அவர் சற்று நின்று, “பொதுப் பாதையில் அந்த டிரேட்டைக் கருவியே திருப்பிக் கொடுத்துவிடுகிறதே” என்றார். நேரமில்லை, பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் சுட்டியது இதுதான். எங்கள் மரத்தில் வேரிலிருந்து ஃபிளாப் வரை 550 பிகோநொடி. அதில் முதல் 400 இரண்டு ஃபிளாப்புகளுக்கும் பொதுவானது. ஒரே பஃபர் ஒரே நேரத்தில் வேகமாகவும் மெதுவாகவும் இருக்க முடியாது என்பதால், பொதுப் பகுதியில் டிரேட் உண்டாக்கிய வேறுபாட்டைக் கருவி நீக்கிவிடுகிறது. பஃபரின் வேகம் உற்பத்தியிலேயே நிலைத்துவிட்ட ஒன்று என்றால் இது முழுக்க நியாயம். புதிய தரவு மிக விரைவாக வந்து பழையதைக் கெடுத்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஹோல்டு சோதனைக்கும் நியாயம், ஏனெனில் அங்கே இரண்டு ஃபிளாப்புகளும் பொதுப் பாதையைக் கடந்துவந்த ஒரே கிளாக் விளிம்பைத்தான் பார்க்கின்றன. செட்டப்பிலோ அனுப்பும் விளிம்பும் பெறும் விளிம்பும் அதே பஃபர்களை ஒரு சுற்று இடைவெளியில் கடக்கின்றன. அந்த இடைவெளியில் மின்னழுத்தம் 2 சதவீதம் உயர்ந்து, தாமதமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தால், 400-இல் 8 பிகோநொடி போய்விடும். பெறும் விளிம்பு அவ்வளவு முன்னதாக வரும். ஸ்க்யூ அறிக்கையில் இது தெரியாது, பி.எல்.எல். விவரக்குறிப்பிலும் இராது. எங்களிடம் மிஞ்சியதோ 10.

என் பக்கத்திலும் வாதம் உண்டு. மின்னழுத்தம் உயரும்போது லாஜிக்கும் வேகமடைகிறது. அந்த 800 சற்றுக் குறையும். மின்னழுத்தம் சரியும்போது லாஜிக் மெதுவாகும், ஆனால் பெறும் விளிம்பும் தாமதமாகவே வரும். ஆகவே மரத்தின் ஜிட்டரை முழுதாக ஒரு பக்கத்தில் மட்டும் கூட்டுவதும் மிகைதான். ஆனால் இந்த ஈடுகட்டல் எல்லா வேளையிலும் சரியாக அமைவதில்லை: மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது, மரம் எவ்வளவு நீளம், லாஜிக் இருக்கும் இடத்திலும் அதே சரிவு நேர்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. இந்த வாதம் அன்று என் நினைவில் இருந்து அவரை அனுப்பினேனா, பின்னர் தேடிக்கொண்டேனா என்று கேட்டால், பின்னர்தான்.

சிப் வந்து, 1 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. அது எதையும் நிரூபிக்கவில்லை. சோதனை மேசையிலிருந்த சிப்புகள் உற்பத்தி வேறுபாட்டில் நாங்கள் கணக்கிட்ட மிக மெதுவான எல்லையைச் சேர்ந்தவை அல்ல. ஜிட்டரை அளக்கலாம் என்றால், சிப்பின் வெளி இணைப்புக்கு வந்தது 16-ஆல் வகுத்த கிளாக். அதில் தெரிவது 16 சுற்றுகளில் திரண்ட ஆட்டம், அதோடு வெளியீட்டுப் பேடின் இரைச்சல்; அடுத்தடுத்த இரண்டு விளிம்புகளுக்கு இடையே நடந்ததை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

அடுத்த சிப்பில் 65 போட்டேன். அதற்காகப் பல பாதைகளில் குறைந்த த்ரெஷோல்டு செல்களை வைக்க வேண்டியிருந்தது. வேகம் கிடைத்தது, கசிவு மின்னோட்டமும் கூடியது. மின்சாரக் குழுவிலிருந்து ஒருவர் கூட்டத்தில் அந்தக் கூடுதல் 15 எதற்கென்று கேட்டார். மரத்தின் ஜிட்டருக்கு என்றேன். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்றார். பொதுப் பாதை, 2 சதவீதம், 8 பிகோநொடி என்று சொல்லிக்கொண்டே போனேன். மிச்சமுள்ள 7-க்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை. அந்த 2 சதவீதமும்கூட யாரும் அளந்து தந்ததன்று.