வன்னி ரூட்டில் விற்பனை நேரத்தைக் காப்பாற்றியது எப்படி

வவுனியாவில் இருந்துகொண்டு தண்ணிப் பம்ப், மருந்தடிக்கிற மெசின், குழாய் வகைகளைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கொடுக்கிற ரெப் வேலையில் ஒரு நாள் பத்தரை மணித்தியாலம். காலை 7 மணிக்கு வெளிக்கிட்டால் திரும்ப 5.30. இரண்டு கிழமை கொப்பியில் நேரம் குறித்துப் பார்த்தபோது கணக்கு இப்படி வந்தது: ஓட்டம் மூன்றரை மணி, கடை வாசலில் காத்திருப்பு ஒன்றரை, போன் ஒன்று, சாப்பாடும் தேத்தண்ணியும் ஒன்று, பில்லும் ரிப்போட்டும் ஒன்று. முதலாளியோடு முகம் பார்த்துக் கதைத்தது இரண்டரை மணிதான். இந்த இரண்டரையைக் கூட்டுவதற்குத்தான் கிழமையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம்.

முதலில் தெரியவேண்டியது கடைக்காரரின் நேரம். ஹாட்வெயார் கடையிலும் பயிர் மருந்துக் கடையிலும் 8 மணி தொடக்கம் 9.30 வரை மேசன்மாரும் கமக்காரரும் நிற்பார்கள். அந்த நேரம் உள்ளே போனால் ஒரு வசனம் கதைக்க முன்னம் நாலு பேர் ஆணி கேட்பார்கள். 9.30 இலிருந்து 12 வரை முதலாளி கல்லாவில் ஆறுதலாக இருப்பார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால் அநேகமாக 3 மணிக்குப் பிறகுதான் வருவார். முஸ்லிம் முதலாளிமாரின் கடைகளில் வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரம் எதுவும் நடக்காது. ஆகவே பூட்டிவைக்க வேண்டியது காலை 9.30 - 12. மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஓட வேண்டும்.

அதை அதிகம் தின்பது பயணம். வவுனியாவிலிருந்து ஏ9 வழியே கிளிநொச்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர். பரந்தனில் திரும்பி ஏ35 இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து வீடு திரும்பினால் 200 கிலோமீற்றருக்கு மேல். வரைபடத்தில் வடிவான வட்டம். ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று புது ரெப் எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. கிளிநொச்சியில் இரண்டு கடை முடிய 12 ஆகிவிடும். புதுக்குடியிருப்புக்குப் போய்ச் சேர 1 மணி, முதலாளி வீட்டில். முல்லைத்தீவில் அவசர அவசரமாக ஒரு ஓடர், பிறகு இருட்டில் ஓட்டம்.

அதே வட்டத்தை இரண்டு நாளாக்கினோம். செவ்வாய் காலை 7 மணிக்கு வெளிக்கிட்டு 9.30 இலிருந்து கிளிநொச்சி, பின்னேரம் பரந்தன், இரவு கிளிநொச்சியில் தங்கல். புதன் 8.15 க்கு வெளிக்கிட்டால் 9.30 க்குப் புதுக்குடியிருப்புக் கடைக்குள் நிற்கலாம். 11.15 க்கு முல்லைத்தீவு, 3 மணிக்குப் பிறகு ஒட்டுசுட்டானும் மாங்குளமும். கிளிநொச்சிக்கு ஒரு நாளும் முல்லைத்தீவுக்கு ஒரு நாளுமாகத் தனித்தனியே போய்வருவதோடு பார்த்தால் 100 கிலோமீற்றர் வரை மிச்சம், நேரத்தில் இரண்டு மணிக்கு மேல். அறை வாடகை வரும்தான், ஆனால் எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கு திரும்பிவிடும். முறிகண்டியில் நிற்கிற 20 நிமிடத்தையும் பயணக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் எந்தச் சாரதியும் அந்த இடத்தைத் தாண்டப் போவதில்லை.

அடுத்தது புதுக் கடை தேடுதல். கிழமையில் முதலில் காணாமற் போவது இதுதான், ஏனென்றால் இன்னும் அறிமுகமில்லாத கடைக்காரர் போன் எடுத்து "ஏன் தம்பி வரேல்ல?" என்று கேட்க மாட்டார். பின்னேரத்துக்கு ஒத்திவைத்தால் அது நடக்காது. நாங்கள் கண்ட வழி, ஊருக்குள் போனதும் பழைய டீலரிடம் போக முன்னம் புதுக் கடைக்குப் போவது. பழையவரிடம் முதலில் இருந்தால் தேத்தண்ணி வரும், திருப்பி அனுப்பிய சாமானின் கதை வரும், ஒரு மணித்தியாலம் போய்விடும். செவ்வாய் 9.30 - 10.45 ஒரு கட்டம், வியாழன் மாங்குளத்திலிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இன்னொரு கட்டம். ஒன்றுக்கு மூன்று கடை போதும். விலைப்பட்டியலை எடுக்காமல், தட்டில் என்ன பிராண்ட் இருக்கிறது, அதில் எது தூசு பிடித்திருக்கிறது என்று பார்த்துக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

பின்தொடர்வதில் கவனிக்க வேண்டியது ஆள் சொன்ன சொல். "பிறகு பாப்பம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். அதற்குத் திகதி போட்டு மூன்று தரம் எடுப்பது வீண். "நெல்லு வித்தாப் பிறகு" என்றால் அது உண்மையான திகதி. காலபோக வெட்டு மாசி, பங்குனியில், காசு கைக்கு வர இன்னும் சில கிழமை. சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைக்கலாம் என்று குளத்துத் தண்ணியைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவெடுத்த பிறகுதான் பம்ப் கேட்பவர் நிச்சயமாகக் கதைப்பார். ஆகவே கொப்பியில் பெயர், அவர் சொன்ன அதே சொல், எடுக்க வேண்டிய கிழமை, இந்த மூன்றையும் கடையை விட்டு வெளியே வந்தவுடன் எழுத வேண்டும். இரவில் எழுதினால் சொல் மாறிவிடும். கமக்காரருக்குப் போன் எடுக்க நல்ல நேரம் மத்தியானம் 12.30 - 1.30, வயலால் வந்து வீட்டில் இருப்பார்கள். கடைக்காரருக்கு 4 மணிக்குப் பிறகு.

கந்தோர் வேலையில் ஓடர் அனுப்புவதை மட்டும் தள்ளிவைக்க ஏலாது. லொறி ஏற்றுகிற நேரம் தவறினால் சாமான் ஒரு நாள் பிந்தும், கோபம் ரெப்பின் தலையில். அதனால் நாளாந்தம் மத்தியானச் சாப்பாட்டோடு 15 நிமிடம் அதற்கு. செக் வங்கியில் போடுவதென்றால் 3 மணிக்கு முன்னம். மீதி, அதாவது செலவுக் கணக்கு, கலெக்சன் பட்டியல், மாதாந்த ரிப்போட் எல்லாம் வெள்ளி பின்னேரம் இரண்டு மணித்தியாலத்தில்.

இவ்வளவும் போன் அடித்தால் உடையும். மனேஜருக்கும் டீலர்மாருக்கும் திங்கள் காலை ஒரு செய்தி: "9.30 - 12 கடைக்குள் நிற்பன், 12.15 க்குத் திருப்பி எடுக்கிறன்." 12.15 க்குக் கட்டாயம் எடுக்க வேண்டும். இரண்டு தரம் தவறினால் மூன்றாம் நாள் எல்லாரும் 10 மணிக்கே அடிப்பார்கள். ஒரேயொரு விலக்கு, பயிர் காய்கிற நேரத்தில் பம்ப் பழுதாவது. அதற்கும் ரெப் ஓடத் தேவையில்லை. மெக்கானிக்கின் இலக்கத்தைப் பில்லின் பின்னால் முத்திரையாகக் குத்திக் கொடுத்தால் பாதி அழைப்பு நேரே அங்கே போகும்.

கார்த்திகை, மார்கழி மழையில் இந்த அட்டவணை நிற்காது. உள்ரோட்டில் வெள்ளம் ஏறினால் அன்றைக்கே வெள்ளிக்கிழமையின் கணக்கு வேலையை முடித்துவிட்டு, வெள்ளி பின்னேரத்தைத் தவறிய கடைகளுக்குக் கொடுப்போம். போயா நாள் நடுக்கிழமையில் விழுந்தால் முல்லைத்தீவை வெட்டுவதில்லை, வவுனியா நகரத்தைத்தான் வெட்டுவோம். நகரத்துக் கடைக்கு எந்த நாள் பின்னேரமும் சைக்கிளில் போகலாம். ஆறாவது கிழமை கொப்பியைத் திருப்பிக் கணக்குப் பார்த்தபோது முகம் பார்த்துக் கதைத்த நேரம் நாளுக்கு மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. கூடியதில் பெரும்பகுதி காத்திருப்பு நேரத்திலிருந்து வந்தது.