நிழல் விழுந்தால்தான் சோல் தெரிகிறது

மூன்று வாரம் படங்களாகவே பார்த்து, ஒருவழியாக நேற்று ஒரு பழைய அடிடாஸ் சம்பா ஓஜி ஷூ கும்பகோணம் வந்து சேர்ந்தது. ஆன்லைனில் நான் வாங்கிய நான்காவது பழைய ஜோடி இது. படத்தில் கணித்ததும் கையில் வந்ததும் ஒத்துப்போனது இதுதான் முதல் முறை. சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளை நிறம், மாடல் எண் B75806, அளவு யூகே 8. மூன்று பேர் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். மூவரிடமும் இரண்டு நாக்குகளின் உள்பக்கச் சீட்டையும் ஒரே படத்தில் கேட்டேன். முதல் ஆளின் படத்தில் இடது, வலது இரண்டிலும் ஒரே வரிசை எண். அசலில் அது காலுக்குக் கால் மாறும். உடனே விட்டுவிட்டேன். எண் மாறியிருந்தால் மட்டும் அசல் என்று நம்பிவிடவும் முடியாது, இப்போது அதையும் மாற்றி அச்சடிக்கிறார்கள். யூகே 8 என்றால் பக்கத்தில் யூஎஸ் 8½, எஃப்ஆர் 42 இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வேன்.

என்னைப் படுத்தியது சோல்தான். இரண்டாவது ஆள் திருவாரூர்க்காரர். "அண்ணே, ரெண்டு தடவதான் போட்டேன்" என்றார். படத்திலும் சோல் புதுசு மாதிரியே இருந்தது. ஆனால் எல்லாம் ஃபிளாஷ் போட்டு நேர் மேலே இருந்து எடுத்தவை. வெளிச்சம் நேராக அடித்தால் பள்ளத்தில் நிழல் விழாது, தேய்ந்த இடமும் தேயாத இடமும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். "தம்பி, ஃபிளாஷ் வேண்டாம். காலை எட்டு மணி வெயிலில் மொட்டைமாடியில் ஷூவைக் கவிழ்த்து வைத்து, வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரி எடுங்கள்" என்று கேட்டேன். வந்த படத்தில் முன்பாதத்து வட்டக் கோடுகள் கருநிழலோடு நன்றாகத் தெரிந்தன. குதிகாலின் வெளி ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு நிழலே இல்லை, வழவழவென்று இருந்தது. பெரும்பாலோர் நடக்கும்போது முதலில் தரையில் படுவது அந்த ஓரம்தான். இரண்டு தடவை போட்டதில் அப்படித் தேயாது.

மூன்றாவது ஜோடி மயிலாடுதுறையிலிருந்து. அதே ஓரம் தேய்ந்திருந்தது, ஆனால் லேசாக, இரண்டு காலிலும் ஒரே அளவு. "ஒரு வருஷம் ஆபீஸுக்குப் போட்டேன் சார்" என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளங்கால் அட்டையில் எழுத்து பாதி அழிந்திருந்தது. சோல் தேய்ந்து அட்டை மட்டும் பளிச்சென்று இருந்தால்தான் மாற்றிவிட்டார்களோ என்று யோசிக்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே கதையைச் சொன்னதால் வாங்கினேன். பக்கவாட்டுத் தையலில் ஒரு இடம் பிரிந்திருக்கிறது, இன்னும் கை வைக்கவில்லை.

அதற்குள் மன்னார்குடிக்காரர் ஒருவரின் பழைய மலையேற்ற பூட்ஸ் கண்ணில் பட்டுவிட்டது. பெட்டியை விட்டே எடுக்கவில்லையாம். சம்பாவின் ரப்பர் சோல் மாதிரி இல்லை இது, நடுச்சோல் பாலியூரித்தேன். போடாமலே வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் இற்று, ஒரு நாள் பொலபொலவென்று உதிரும். நம் பக்கத்து மழைக்காலத்தில் பரணில் இருந்ததென்றால் கேட்கவே வேண்டாம். கட்டைவிரலால் நடுச்சோலை அழுத்தி, விரிசல் விடுகிறதா என்று தெரிய ஒரு வீடியோ கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.