பவுண்டும் அறுபதும்: விடைத்தாள் திருத்தும் நாட்களின் குறிப்பு

மார்ச் 3, திங்கள்

செவிலியர் மாணவர்கள் எழுதிய மருந்தளவுக் கணக்கின் மாதிரித் தேர்வுத் தாள்கள் மேசைக்கு வந்துவிட்டன. முதல் கேள்வியைக் கொஞ்சம் விஷமத்தோடுதான் அமைத்திருந்தேன். நோயாளியின் எடை 154 பவுண்டு. டோபமைன் மருந்தை ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வீதம் செலுத்த வேண்டும். 250 மி.லி. பையில் 400 மி.கி. மருந்து கலந்திருக்கிறது. மருந்தைச் சீராக ஏற்றும் பம்ப்பில் மணிக்கு எத்தனை மி.லி. வைப்பீர்கள்? விடை ஒரு தசம இடம் வரை.

போட வேண்டிய முறை இது. 154ஐ 2.2ஆல் வகுத்தால் 70 கிலோ. நிமிடத்துக்கு 5 × 70 = 350 மைக்ரோகிராம், மணிக்கு 350 × 60 = 21,000. பையில் இருப்பது 4,00,000 மைக்ரோகிராம். அதை 250ஆல் வகுக்க, ஒரு மி.லி.யில் 1,600. 21,000 ÷ 1,600 = 13.125. ஆகவே மணிக்கு 13.1 மி.லி.

தாள்களில் 13.1 இருக்கிறது. கூடவே 28.9, 63.5, 0.2, 0.5 என்ற எண்களும் மறுபடி மறுபடி வருகின்றன. தவறான விடைகள் ஆளுக்கொரு விதமாகச் சிதறிக் கிடக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. நாலைந்து எண்களிலேயே வந்து குவிகின்றன.

மார்ச் 4, செவ்வாய்

நேற்றைய எண்களைச் சரியான விடையால் வகுத்துப் பார்த்தேன். எங்கே சறுக்கியது என்பதை ஒவ்வொன்றும் தானே சொல்லிவிடுகிறது.

28.9 என்பது 13.1இன் 2.2 மடங்கு. பவுண்டை மாற்றாமலே கிலோவின் இடத்தில் வைத்துவிட்டார்கள். 63.5 கிட்டத்தட்ட 4.84 மடங்கு, அதாவது 2.2ஐ 2.2ஆல் பெருக்கியது. இவர்களுக்கு மாற்ற வேண்டும் என்பது தெரியும். வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறார்கள். 154 பவுண்டு நோயாளி இவர்கள் கையில் 338.8 கிலோ ஆகிவிட்டார்! அந்த எண்ணைத் தாளில் எழுதிய பிறகும் பேனா நிற்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

0.2 என்றால் சரியான விடையில் அறுபதில் ஒரு பங்கு. எடையைச் சரியாக மாற்றிவிட்டு, நிமிடத்தை மணியாக்க மறந்த கை அது. 0.5 எழுதியவர்கள் இரண்டு தவறையும் சேர்த்தே செய்தவர்கள்: பவுண்டை அப்படியே எடுத்து, 60ஆல் பெருக்காமலும் விட்டால் 0.48 வரும்.

இப்போதெல்லாம் வழிமுறையைப் படிப்பதற்கு முன்பே விகிதத்தைப் பார்த்துவிடுகிறேன். 2.2 என்றால் எடை, 60 என்றால் நேரம், 1,000 என்றால் மி.கி.யும் மைக்ரோகிராமும் இடம் மாறிவிட்டன. பெரும்பாலும் தப்புவதில்லை.

மார்ச் 5, புதன்

இந்த நான்கில் எது மோசம்? உடன் பணிபுரியும் ஆசிரியை 63.5 என்றார். எனக்கு 28.9தான் அச்சம் தருகிறது.

0.2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் 250 மி.லி. பை தீர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வார்டில் நின்ற எவருக்கும் அது அபத்தம் என்று பட்டுவிடும். 63.5ஐத் திருப்பிக் கணக்கிட்டால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 24 மைக்ரோகிராமுக்கு மேல் போகிறது. டோபமைன் வழக்கமாக 2 முதல் 20 வரை என்று படித்தவர்களுக்கு அங்கேயே பொறி தட்டும்.

28.9 அப்படி இல்லை. உண்மையில் அது 70 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 11 மைக்ரோகிராம் வீதம். 2க்கும் 20க்கும் நடுவில், நல்ல பிள்ளைபோல உட்கார்ந்திருக்கிறது. பம்ப்பில் வைக்கக்கூடிய எண்ணாகவும் தெரிகிறது. ஆனால் 5இல் இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டுவதற்காகத் தரப்படும் இந்த மருந்து, 10ஐத் தாண்டும்போது ரத்தக்குழாய்களைச் சுருக்கும் பக்கம் சாயத் தொடங்குகிறது என்பதுதான் பாடம். கேட்டது ஒன்று, நோயாளிக்குக் கிடைப்பது வேறொன்று.

எடையை உள்ளிட்டால் தானே கணக்குப் போடும் பம்ப் இருந்தாலும் இதில் காப்பாற்றிவிடாது. கிலோ என்று கேட்கும் இடத்தில் 154 என்று தட்டினால், 154 கிலோ மனிதர்களும் உலகில் இருக்கிறார்களே, அது ஏற்றுக்கொள்ளும்.

மார்ச் 6, வியாழன்

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். 28.9 எழுதிய மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். நன்றாகக் கணக்குப் போடுபவள்.

"மேடம், நான் திருப்பிப் போட்டுச் சரிபார்த்தேன். 5 மைக்ரோகிராம்தான் வந்தது."

கரும்பலகைக்கு வரச்சொன்னேன். 28.875ஐ 1,600ஆல் பெருக்கி, 60ஆல் வகுத்தாள்: 770. அதை 154ஆல் வகுத்தாள்: 5. அழகாக வந்து நின்றது. வகுப்பே என்னைப் பார்த்தது.

அந்த 154க்குப் பக்கத்தில் அலகை எழுதச் சொன்னேன். சாக்பீஸை வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பிறகு 'பவுண்டு' என்று எழுதினாள். எழுதியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த 5 என்பது ஒரு பவுண்டுக்கு 5 மைக்ரோகிராம். மருத்துவர் எழுதியது ஒரு கிலோவுக்கு.

திருப்பிப் போட்டுப் பார்ப்பது பெருக்கல் வகுத்தல் பிழையைத்தான் பிடிக்கும். போகும்போது எடுத்த அதே தவறான எடையை வரும்போதும் எடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கு சுத்தமாகத் தெரியும். அறுபதை மறந்தவர்களுக்கும் இதே கதைதான்: போகும்போது பெருக்காதவர் வரும்போது வகுக்கமாட்டார்.

எனவே எடைக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும், அதுவும் கணக்கைத் தொடங்கும் முன்பே. பவுண்டில் பாதியை எடுத்து, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 154இல் பாதி 77, அதில் 7.7 போனால் 69.3. உண்மை விடையான 70க்கு மிக அருகில் இருக்கிறது. இதை மனக்கணக்காகவே போடலாம். கிலோ எண் எப்போதும் பவுண்டின் பாதியைவிடச் சற்றுக் குறைவு என்பது மனதில் பதிந்துவிட்டால் 338.8 யார் தாளிலும் வராது.

மார்ச் 7, வெள்ளி

"எடையைக் கிலோவிலேயே கொடுத்துவிட்டால் என்ன மேடம்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நோயாளியின் எடையை மெட்ரிக் அலகில் மட்டுமே அளந்து, மெட்ரிக்கில் மட்டுமே பதிய வேண்டும் என்று, மருந்துப் பிழைகளைத் தடுப்பதற்காக இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பே வலியுறுத்துகிறது. ஆனாலும் அமெரிக்க உரிமத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பவுண்டை மாற்றப் பழகித்தான் ஆக வேண்டும். வீட்டில் பவுண்டில் எடை பார்த்துவிட்டு அந்த எண்ணைச் சொல்லும் நோயாளிகள் அங்கே இருக்கத்தானே செய்வார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

முழுமையாக்கும் இடம் பற்றி ஒரு சிறு குறிப்பு. 150 பவுண்டு எடை, கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம், அதே டோபமைன் பை. எடை 68.18 கிலோ. அதை அப்படியே கொண்டுபோனால் 25.57, விடை 25.6. வழியிலேயே 68 என்று வெட்டிவிட்டால் 25.5. நோயாளிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எண்ணை மட்டும் கட்டத்தில் நிரப்பச் சொல்லும் தேர்வில் மதிப்பெண் போய்விடும். கடைசியில்தான் முழுமையாக்க வேண்டும். இடையில் முழுமையாக்கச் சொல்லிக் கேள்வியே கேட்டால் மட்டும் விதிவிலக்கு.

மார்ச் 11, செவ்வாய்

இன்று எடையே இல்லாத ஒரு கணக்கு. 100 மி.லி. ஆன்டிபயாடிக் கரைசலை 30 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். பம்ப்பில் என்ன வேகம்? 100 என்று எழுதியவர்களும் உண்டு, 50 என்று எழுதியவர்களும் உண்டு. சரியான விடை 200.

கேட்டவுடன் பலர் நெற்றியைச் சுருக்கினார்கள். பையில் இருப்பதே 100 மி.லி., 200 எப்படிப் போகும் என்று. பம்ப்பில் வைப்பது அளவு அல்ல, வேகம். மணிக்கு 200 வீதம் ஓடினால் அரை மணியில் 100 தீர்ந்துவிடும். 50 எழுதியவர்கள் அரை மணி என்ற சொல்லைக் கேட்டதும் பாதியாக்கியிருக்கிறார்கள். நேரம் குறைந்தால் வேகம் கூட வேண்டும் என்ற எதிர்ப்போக்கு மனதில் படவில்லை. 50இல் வைத்தால் மருந்து இறங்கி முடிய இரண்டு மணி நேரம் ஆகும்.

இவர்களுக்குச் சூத்திரம் மறுபடி சொல்லிப் பயனில்லை. எந்த விடை வந்தாலும் 'பை எப்போது தீரும்?' என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

டோபமைன் கணக்கில் இப்போது எல்லாரும் 60ஆல் பெருக்குகிறார்கள். அதனால் இன்று ஹெப்பாரின் கொடுத்தேன். எடை 176 பவுண்டு, கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட், 250 மி.லி. பையில் 25,000 யூனிட்.

எதிர்பார்த்ததுதான் நடந்தது. எடையைத் தப்பில்லாமல் 80 கிலோ ஆக்கினார்கள். 18 × 80 = 1,440 என்று போட்டார்கள். அதற்கு மேல் கை நிற்காமல் 60ஆல் பெருக்கி, ஒரு மி.லி.க்கு 100 யூனிட் என்று வகுத்து, 864 என்று சிலர் எழுதிவிட்டார்கள். உத்தரவிலேயே 'மணிக்கு' என்று இருக்கிறது. அறுபதுக்கு இங்கே வேலையே இல்லை. 1,440ஐ 100ஆல் வகுத்தால் 14.4 மி.லி., அவ்வளவுதான்.

அறுபது ஒரு படியாக மனப்பாடம் ஆகிவிட்டதால் வந்த வினை இது. உத்தரவில் உள்ள நேர அலகும் பம்ப்பின் நேர அலகும் வேறாக இருந்தால்தான் அந்தப் படி வரும். அதனால் கணக்கைத் தொடங்கும் முன் இரண்டையும் அருகருகே எழுதவைத்தேன்: உத்தரவில் மணி, பம்ப்பில் மணி. சமம், விட்டுவிடு. டோபமைனில் நிமிடம், மணி. சமமில்லை, பெருக்கு.

864 எழுதிய ஒருவன் தன் தாளில் 'பை எப்போது தீரும்' வரியையும் எழுதியிருந்தான்: 17.4 நிமிடம். எழுதிவிட்டு, கீழே கோடு போட்டு, மொத்தக் கணக்கையும் அடித்துவிட்டு 14.4 என்று திருத்தியிருக்கிறான். அந்த வேகத்தில் பை தீர 17.4 மணி நேரம் என்றும் பக்கத்தில் குறித்திருக்கிறான். முழு மதிப்பெண் போட்டேன்.