"ஆள் தேவை" என்று எழுதத் தெரியாமல் இரண்டு வாரம் போன கதை

வாடிக்கையாளர் சேவைக்கு இரவு ஷிப்டில் ஒருவர் வேண்டும், ஒரு போஸ்ட் போட்டுவிடு என்று மேனேஜர் சொன்னார். நானும் உற்சாகமாக "சவால்களை விரும்புபவரா நீங்கள்? எங்கள் துடிப்பான குழுவில் இணைய வாருங்கள்!" என்று ஆரம்பித்து, கம்பெனியைப் பற்றி நாலு வரி எழுதி, என்ன வேலை, எந்த இடம் என்பதையெல்லாம் கடைசியில் வைத்தேன். அதைவிட, இரவு ஷிப்ட் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்று பயம்.

ரெஸ்யூமே நிறைய வந்தது. ஆனால் போனில் "நேரம் இரவு பத்து முதல் காலை ஏழு" என்றதும் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருவர் கோபமாகவே கேட்டார், "இதை முதல்லயே போட்டிருக்கலாமே சார்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. கீழே கமெண்டில் வேறு "எந்த ஏரியா?", "ஒர்க் ஃப்ரம் ஹோமா?" என்று ஒரே கேள்விகள். இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் இரண்டிலுமே கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதியைப் பார்க்க 'more' தட்ட வேண்டும். நான் அந்த வரிகளை "துடிப்பான குழு"வுக்குத் தானம் செய்திருந்தேன்.

இரண்டாவது முறை இப்படி ஆரம்பித்தேன்: "வாடிக்கையாளர் சேவை, இரவு ஷிப்ட் (10 முதல் 7), வாரம் ஐந்து நாளும் அலுவலகத்தில்." அடுத்த வரியில் ஊர் மட்டுமில்லாமல் ஏரியாவின் பெயரும், வீட்டுக்குப் போக வண்டி உண்டு என்பதும். பெரிய ஊரில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்குமா என்று எப்படித் தெரியும்?

விண்ணப்பிக்கும் வழியிலும் சொதப்பியிருந்தேன். இன்ஸ்டா கேப்ஷனில் ஒட்டிய லிங்க்கைத் தட்டினால் திறக்காது, அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். அதனால் மெயில் முகவரி ஒன்றே ஒன்று வைத்து, சப்ஜெக்ட்டில் "இரவு ஷிப்ட் - உங்கள் பெயர்" என்று எழுதச் சொன்னேன். அதைச் சரியாக எழுதியவர்கள் கேப்ஷனைப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அவர்களை முதலில் கூப்பிட்டேன். எழுதாதவர்களை ஒதுக்கவில்லை, நல்லவர்களும் அவசரத்தில் மறப்பார்கள்.

வேலை, இடம், மெயில், கடைசி தேதி நான்கையும் படத்துக்குள்ளும் போட்டேன். வாட்ஸ்அப்பில் பலர் படத்தை மட்டும் எடுத்து அனுப்புவார்கள், கேப்ஷன் இல்லாமலே அது ஊர் சுற்றும். முதல் போஸ்ட்டின் படத்தில் தேதியே இல்லை, அதனால் ஆள் சேர்ந்த பிறகும் "இன்னும் இருக்கா சார்?" என்று மெயில் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது போஸ்ட்டுக்கு வந்தவை பாதிகூட இல்லை. மேனேஜர் முகம் சுளித்தார். ஆனால் போனில் நேரத்தைச் சொன்னபோது பெரும்பாலானோர், "தெரியும் சார், போஸ்ட்ல பார்த்தேன்" என்றார்கள். சேர்ந்தவர் பகலில் படிக்கிறவர், இரவு வேலையைத் தேடியே வந்திருக்கிறார். என் முதல் போஸ்ட்டையும் பார்த்தாராம், "அது என்ன வேலைன்னே புரியல சார், தள்ளிட்டுப் போயிட்டேன்" என்றார்.