ரெடிமேட் பிளவுஸும் விலகி நிற்கும் கழுத்தும்: சென்னையில் கற்ற தையல்

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை நான் ரெடிமேட் பிளவுஸ் வாங்கியதே இல்லை. அம்மாவுக்குத் தைத்த அதே தையல்காரரே எனக்கும் தைத்தார். என் தோளும் முதுகும் அவருடைய குறிப்புக் கொப்பியில் இருந்தன. திருமணமாகிச் சென்னைக்கு வந்து வளசரவாக்கத்தில் குடியேறிய பிறகு, அந்தக் கொப்பி இல்லாத ஊரில் சேலை கட்டுவது எப்படி என்பதை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. முகூர்த்தக் காலத்தில் எந்தத் தையற்கடைக்குப் போனாலும் பல நாள் தவணை சொன்னார்கள். கல்யாணமோ அடுத்த வாரமே இருந்தது. ஆகவே இங்குள்ள எல்லோரையும்போல நானும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய், சேலைக் கரையின் நிறத்துக்குப் பொருத்தமான ஒரு பருத்தி பிளவுஸை வாங்கினேன்.

அது கையில்லாமல் தைத்தது. முன்பக்கம் கொக்கி, முதுகில் ஆழமான வட்டக் கழுத்து. விரும்பினால் வைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று கைத்துணி இரண்டும் உள்ளே சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. கொக்கிகள் சிரமமின்றிப் பூட்டின. ஆனால் கையைத் தொங்கவிட்டு நின்றபோது, முன்பக்கக் கைக்குழியின் ஓரம் உடலை விட்டு விலகி வாய் திறந்தது. பின்கழுத்தின் ஓரமோ முதுகில் படியாமல், இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தூக்கி நின்றது.

இதற்கு முதலில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், அக்குளுக்குக் கீழே பக்கத் தையலைப் பிடிப்பது. கடைத்தெரு ஓரத்தில் மிஷின் போட்டு ஆல்டரேஷன் செய்பவர்கள் சில நிமிடங்களில் அதைச் செய்து கொடுத்துவிடுவார்கள். ரெடிமேட் பிளவுஸில் கூடுதல் துணி விடப்பட்டிருப்பது பெரும்பாலும் பக்கத் தையலில்தான் என்பதால், பிடிப்பதோ பிரிப்பதோ அங்கேதான் சுலபம். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாசலிலேயே மிஷின் போட்டிருக்கும் அக்கா ஒருவரிடம் காட்டியபோது, அவர் பக்கத் தையலைத் தொடவே மறுத்தார். “பக்கத்துல எவ்வளவு பிடிச்சாலும் அங்க தூக்கிக்கிட்டுதாம்மா நிக்கும். மார்புதான் இறுகும்,” என்றார். பிறகு டேப்பை எடுத்து, மார்பின் சுற்றளவை மட்டுமல்லாமல், அதற்கு மேலே அக்குளை ஒட்டி நெஞ்சைச் சுற்றியும் ஓர் அளவு எடுத்தார். மார்பு 36 அங்குலம், மேல்நெஞ்சு 33 அங்குலம்.

காரணம் அந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் இருந்தது. பிளவுஸின் லேபிளில் எழுதியிருக்கும் 36 என்பது மார்புச் சுற்றளவை மட்டுமே சொல்கிறது. அந்த மார்புக்கு இவ்வளவு தோள், இவ்வளவு கழுத்து அகலம், இவ்வளவு கைக்குழி என்று ஒரு பொதுக் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். மார்புக்கும் மேல்நெஞ்சுக்கும் இடையே வித்தியாசம் அதிகமுள்ள உடம்பில், மார்பு சரியாக இருக்கும் பிளவுஸின் மேல்பாதி பெரிதாகிவிடுகிறது. மார்பின் மேடேறி வரும் துணி அதன் மேலே உட்கார இடமில்லாமல் கைக்குழி ஓரத்தில் எழும்பி நிற்கிறது. ஒரு சைஸ் சிறியதாக வாங்கினால் தோள் பொருந்தலாம், ஆனால் கொக்கி இழுக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை: கொக்கிகளுக்கு இடையே குறுக்குச் சுருக்கங்கள் ஓடி, அதோடு கைக்குழியும் விலகினால், மார்புக்குத் துணி போதவில்லை என்று பொருள். அப்போது பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்துவதுதான் முதல் வேலை. அதைச் செய்த பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

அளவு குறிப்பதற்கு முன், பிளவுஸை ஒருமுறை நனைத்துத் துவைத்துக் காயவைத்துக் கொண்டு வரச் சொன்னார் அக்கா. பருத்தித் துணியும் லைனிங்கும் முதல் துவைப்பில் வேறு வேறு அளவில் சுருங்கக்கூடும். சென்னை வெயிலில் ஒருமுறை கட்டினாலே துவைக்க வேண்டும் என்னும்போது, சுருங்கிய துணியில் எடுத்த அளவுதான் நிலைக்கும். சேலைக்கு உள்ளே எந்த உள்ளாடையை அணிவோமோ அதையே அணிந்து, எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றபடிதான் குண்டூசி குத்த வேண்டும். கையைத் தூக்கினால் விலகல் மறைந்துவிடும்.

முதல் சோதனை தோளில். தோள் தையலின் கழுத்துப் பக்க முனையை இரு விரல்களால் சற்றே கிள்ளி உயர்த்தினார். பின்கழுத்து உடனே முதுகோடு படிந்தது. அடுத்து அதை விட்டுவிட்டு, கைப்பக்க முனையைக் கிள்ளினார். கழுத்தில் மாற்றமில்லை, கைக்குழியின் விலகல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அக்குளில் பிடித்தது. தோள் சரிவாக உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது இடத்தில் பிடித்தால் நன்றாக அமையும் என்றும், எனக்குக் கழுத்துப் பக்கம்தான் சரி என்றும் சொன்னார். எந்த முனையைக் கிள்ளும்போது துணி அமைதியாகிறதோ, அந்த முனையில் மட்டும்தான் கத்தி வைக்க வேண்டும். தோளை முழு நீளத்துக்கும் ஒரே அளவாகப் பிடித்துவிட்டால் கைக்குழி மொத்தமாகச் சிறுத்து அக்குளை அறுக்கும்.

ஆகவே தோள் தையலைப் பிரித்தார். கழுத்தோரம் லைனிங்கோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்ததால், தோள் தையலுக்கு இரு பக்கமும் இரண்டு அங்குலம் கழுத்து மடிப்பையும் பிரிக்க வேண்டியிருந்தது. முன்துண்டை அசைக்காமல், பின்துண்டை மட்டும் கழுத்து முனையில் அரை அங்குலம் மேலே ஏற்றி, கைப்பக்க முனையில் ஒன்றுமில்லாமல் முடியும்படி ஆப்பு வடிவத்தில் கோடு போட்டார். முன்துண்டையும் ஏற்றியிருந்தால் முன்கழுத்து மேலே வந்து தொண்டையை நெருங்கியிருக்கும். ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் என்றால் பின்கழுத்தின் ஓரம் மொத்தம் ஓர் அங்குலம் குறைகிறது.

அதற்குப் பிறகும் பின்கழுத்தின் வளைவில் ஒரு மெல்லிய தளர்ச்சி எஞ்சியிருந்தது. வட்டமாக வெட்டிய ஓரத்தில் நூலிழை சாய்வாக ஓடுவதால், தைக்கும்போதும் போட்டுக் கழற்றும்போதும் அது இழுபட்டு நீண்டுவிடுகிறது. கயிறு வைத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கயிறு இரண்டு தோள்களையும் நெருக்கிப் பிடிக்குமே தவிர, அதற்குக் கீழே நீண்டுபோன ஓரம் அப்படியேதான் நிற்கும். அக்கா செய்தது வேறு. கழுத்து மடிப்பைப் பிரித்து, உள்ளே ஒரு மெல்லிய பருத்தி நாடாவை வைத்தார். நாடாவைக் கழுத்தோரத்தை விட அரை அங்குலம் குறைவாக வெட்டி, அந்த நீளத்துக்குள் துணியை மெல்லச் சுருக்கி ஊட்டித் தைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தார். சுருக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அமுங்கியது. இந்த முறைக்கு அரை அங்குலம்தான் எல்லை என்று கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஓரம் நெளிந்து சுருக்கம் வெளியே தெரியும். அந்தத் தளர்ச்சியைத் தோளிலோ, கூராக முடியும்படி பிடித்துத் தைக்கும் மடிப்பான ஒரு டாட்டிலோதான் எடுக்க வேண்டும்.

கழுத்து அமைந்த பிறகுதான் முன்பக்கக் கைக்குழிக்கு வந்தார். தோளில் எதை மாற்றினாலும் துணி தொங்கும் விதம் மாறும் என்பதால் இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கைக்குழி ஓரத்தின் நடுவில் எழுந்து நின்ற மடிப்பைக் கிள்ளியபோது அதன் உயரம் கால் அங்குலம் இருந்தது. மடிப்பு இரட்டைத் துணி என்பதால் எடுக்க வேண்டியது அரை அங்குலம். சாக்பீஸால் கைக்குழி ஓரத்தில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்தார். அங்கிருந்து மார்பின் உச்சியை நோக்கி டாட்டை வரைந்து, உச்சிக்கு ஒன்றரை அங்குலம் முன்பே நிறுத்தினார். உச்சி வரை கொண்டுபோனால் நுனியில் துணி கூம்பாகப் புடைத்து, சேலை முந்தானைக்கு மேலேயும் தெரியும். கடைசித் தையல்களை மடிப்பின் விளிம்பை ஒட்டியே ஓட்டி, நுனியில் மிஷினைத் திருப்பி அடிக்காமல் நூலைக் கையால் முடிச்சிட்டார். மிஷினில் தைப்பதற்கு முன்பே லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, என்னை மறுபடி அணியச் சொல்லிப் பார்த்திருந்தார். கொசுவம் மடிப்பதுபோல் குனிந்து, பிறகு முந்தானையைத் தோளில் போடுவதுபோல் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார், எங்கும் இழுக்கவில்லை.

டாட் தைத்ததும் கைக்குழியின் வளைவில் ஒரு சின்ன முனை துருத்தியது. அதைச் சீராக வெட்டிய பிறகு ஓரத்தை மறுபடி முடிக்கத் துணி வேண்டுமே என்றபோது, உள்ளே இருந்த கைத்துணியைப் பிரித்து எடுத்தார். அதிலிருந்து ஒன்றேகால் அங்குல அகலத்தில், நூலிழைக்குச் சாய்வாகக் கிராஸ் துண்டுகள் வெட்டி, குழிவான இடங்களில் துண்டைச் சற்றே இழுத்துப் பிடித்தபடி தைத்து, உள்ளே மடித்து ஹெம்மிங் செய்தார். துண்டை இழுக்காமல் வைத்துத் தைத்தால் ஓரம் மறுபடி விலகும் என்று, கையில் வேலை ஓடும்போதே எனக்குக் காட்டினார். கைத்துணியை வேண்டாம் என்று கடையிலேயே விட்டுவந்திருந்தால், அதே துணியில் அதே சாயத்தில் இன்னொரு துண்டு கிடைத்திருக்காது.

எல்லா பிளவுஸிலும் இது நடக்காது. பட்டில் பிரித்த தையலின் ஊசித் துளைகள் தெரியும். ஆகவே உள்ளே அடங்கும் இடங்களில் மட்டுமே பிரிக்கலாம். கழுத்தைச் சுற்றி ஆரி வேலையோ கல்லோ இருந்தால், தோளில் அரை அங்குலம் ஏற்றுவதற்கே முதலில் அந்த வேலையை அவிழ்க்க வேண்டும். கைக்குழி அக்குளுக்கு மிகக் கீழே வெட்டப்பட்டிருந்தால் எந்த டாட்டும் அதை உயர்த்தாது. ஒட்டுத் துணி வைக்கலாம், ஆனால் அது தெரியும். இப்போது கடையில் அணிந்து பார்க்கும்போது கொக்கியைப் பூட்டியதும் நான் முதலில் தோளின் கழுத்து முனையைக் கிள்ளிப் பார்க்கிறேன். அரை அங்குலத்துக்குள் பின்கழுத்து படிந்துவிட்டால் வாங்கிக்கொண்டு அக்காவிடம் போகிறேன். அதற்கு மேல் கிள்ள வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வெட்டில் கேட்கிறேன்.