வரையறுத்த திறனுக்கு மேல் காற்று வீசும்போது: இறக்கைக் கோணக் கட்டுப்பாட்டைக் கணினியில் செய்து பார்த்த அனுபவம்

காற்றின் வேகம், ஒரு காற்றாலை தன் முழுத் திறனை எட்டும் வரையறுத்த வேகத்தைத் தாண்டியதும் கட்டுப்பாட்டின் நோக்கமே மாறிவிடுகிறது. அதுவரை கிடைப்பதையெல்லாம் பிடிக்க முயன்ற இறக்கைகள், அதன்பின் வேண்டாத ஆற்றலைப் பிடிக்காமல் விடக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையின் அளவுகளைக் கொண்டு, பைத்தானில் சிறு உருவகம் ஒன்றை எழுதி ஆராய்ந்து வருகிறேன். சுழலியின் விட்டம் 126 மீட்டர். வரையறுத்த காற்று வேகம் நொடிக்கு 11.4 மீட்டர், அப்போது சுழலி நிமிடத்துக்கு 12.1 சுற்றும், 97 மடங்கு பல்லிணைப்பின் மறுபுறம் ஜெனரேட்டர் 1,173.7 சுற்றும் சுழல்கின்றன.

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியில் வளர்வதால், 20 மீட்டர் வேகக் காற்றில் 11.4 மீட்டர் வேகக் காற்றைவிட 5.4 மடங்கு ஆற்றல் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பைக் காற்றை நோக்கித் திருப்பி, காற்று அதைத் தாக்கும் கோணத்தைக் குறைப்பதன் மூலம் மிகுதி கழிக்கப்படுகிறது. கட்டுப்படுத்தி காற்றின் வேகத்தைப் பார்ப்பதில்லை. ஜெனரேட்டரின் வேகம் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டும் பார்த்து, அந்த விலகலுக்கும் அது காலப்போக்கில் சேர்ந்த தொகைக்கும் ஏற்பக் கோணத்தை ஆணையிடுகிறது. என் உருவகத்தில் வேக அளவீடு 0.25 ஹெர்ட்ஸ் வடிகட்டி வழியாக வருகிறது. இறக்கையைத் திருப்பும் பொறிக்கு 0.2 நொடி தாமதம் கொடுத்திருக்கிறேன். திருப்பும் வேகத்தின் உச்சவரம்பு நொடிக்கு 8 பாகை.

முதலில் அறிய விரும்பியது, வேக விலகலைக் கோண ஆணையாக மாற்றும் பெருக்கக் கெழு ஒன்றே எல்லாக் காற்றுக்கும் போதுமா என்பதுதான். போதாது என்பதற்கான காரணம் இறக்கையிலேயே இருக்கிறது. வரையறுத்த வேகத்தில் கோணத்தை ஒரு பாகை திருப்பினால் திறன் ஏறத்தாழ 0.45 மெகாவாட் மாறுகிறது. காற்று 20 மீட்டரில் வீசும்போது இறக்கை 17.5 பாகையில் நிற்கிறது. அங்கே அதே ஒரு பாகை ஏறத்தாழ 1.7 மெகாவாட்டை மாற்றுகிறது. காற்று வலுக்க வலுக்க இறக்கையை நோக்கி வரும் ஓட்டம் சுழல்தளத்துக்குச் செங்குத்தாகச் சாய்கிறது. அதனால் இறக்கையின் தூக்குவிசையில் பெரிய பங்கு சுழற்றும் திசைக்கே போய்ச் சேர்கிறது. இந்த வளர்ச்சியை நேர்கோடாகக் கொண்டால், கோணம் 6.3 பாகையை எட்டும்போது உணர்திறன் இரட்டிப்பாகிறது. ஆகவே கெழுவைக் கோணத்துக்கேற்பச் சுருக்கினால் போதும்:

```python
err = w_gen - 122.9
gk = 1/(1 + theta/0.11)
integ += err*dt
integ = min(max(integ, 0), 1.57/(gk*Ki))
cmd = gk*(Kp*err + Ki*integ)
```

இதில் வேகம் நொடிக்கு ரேடியனிலும் கோணம் ரேடியனிலும் உள்ளன; `gk` கெழுவைச் சுருக்கும் காரணி; விலகலுக்கான கெழு `Kp` 0.0188, சேர்தொகைக்கான கெழு `Ki` 0.00807. `Kp`, `Ki` இரண்டும் வரையறுத்த புள்ளியில் நொடிக்கு 0.6 ரேடியன் இயல் அதிர்வெண்ணும் 0.7 தணிப்பு விகிதமும் கிடைக்கும்படி கணக்கிடப்பட்டவை. காற்றுவேகமானியை நம்பாமல் கோணத்தையே அளவுகோலாகக் கொண்டது மிகச் சரியான முடிவு என்று கருதுகிறேன். மானி சுழலிக்குப் பின்னால், கலங்கிய ஓட்டத்தில் ஒரே புள்ளியில் நிற்கிறது. கோணமோ 126 மீட்டர் வட்டம் முழுவதும் உணர்ந்த காற்றின் சராசரியை ஏற்கனவே சுமந்துகொண்டிருக்கிறது.

வேண்டுமென்றே `gk`-ஐ 1 என்று நிறுத்திவைத்து ஓட்டிப் பார்த்தேன். வரையறுத்த வேகத்தின் அருகே எழும் ஊசலாட்டம் சில அலைகளில் அடங்கிவிடுகிறது. காற்று 20 மீட்டரில் இருக்கும்போது கட்டுப்பாட்டுச் சுற்றின் பெருக்கம் 3.8 மடங்காகி, சுமார் 3.3 நொடிக்கு ஒருமுறை வேகம் ஏறி இறங்கும் ஊசலாட்டம் வெகுநேரம் அடங்காமல் நீடிக்கிறது. காற்றாலையை நிறுத்திவிடும் வெட்டுவேகமான 25 மீட்டரில் அது அடங்குவதே இல்லை, மெல்லப் பெருகுகிறது. வடிகட்டியும் பொறியின் தாமதமும் இல்லாத தூய சமன்பாட்டில் இந்தக் கோளாறு தோன்றுவதில்லை, மாறாகத் தணிப்பு கூடியதுபோல் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெழு மிகுந்தால் கட்டுப்பாட்டுச் சுற்று விரைவாக வினையாற்ற முயல்கிறது. அந்த விரைவில் வடிகட்டியின் பிந்தல் மட்டுமே 50 பாகைக்கு மேல் போய்விடுகிறது.

இந்த ஊசலாட்டத்தைத் திறன் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட செய்தி. மாதிரிக் காற்றாலையின் கட்டுப்பாட்டில், வரையறுத்த வேகத்துக்கு மேல் ஜெனரேட்டரின் முறுக்குவிசை வேகத்துக்கு எதிர்விகிதத்தில் மாற்றப்படுகிறது. வேகம் 5 சதவீதம் ஏறினால் முறுக்குவிசை ஏறத்தாழ அதே அளவு இறங்க, பெருக்கற்பலன் மாறாமல், மின்திறன் 5 மெகாவாட்டிலேயே நிற்கிறது. கோடு நேராக இருக்கிறது. ஆனால் ஓடும் சுழலியின் மீதான பிடி, அது மிகுவேகத்தில் இருக்கும் அதே தருணத்தில் தளர்கிறது. அதாவது திறனை மாறிலியாக வைப்பதே வேகத்துக்கு எதிர்மறைத் தணிப்பாகிறது. முறுக்குவிசையை 43,094 நியூட்டன் மீட்டரில் மாறாமல் வைத்தால் அந்தத் தளர்ச்சி நீங்குகிறது; அதற்கு விலையாக 5 சதவீத மிகுவேகத்தில் திறன் 5.25 மெகாவாட்டாக ஏறுகிறது. மின்மாற்றியும் மின்னணுத் தொகுப்பும் அந்த ஏற்றத்தைத் தாங்குமானால் இரண்டாவது வழியையே நான் தேர்வேன். எந்த வழியானாலும், கட்டுப்பாடு நலமா என்று பார்க்க வேண்டிய இடங்கள் ஜெனரேட்டர் வேகமும் இறக்கை திரும்பும் வேகமும்தான்.

அடுத்துப் பார்த்தது, காற்று வரையறுத்த வேகத்தின் இருபுறமும் தாண்டித் தாண்டி வீசும் நிலை. காற்று குறைந்திருக்கும்போது இறக்கை 0 பாகையில் நின்றுவிடுகிறது. ஆனால் வேக விலகல் எதிர்மறையாக இருப்பதால் சேர்தொகை தொடர்ந்து கீழே போகிறது. வேகம் 5 சதவீதம் குறைவாக 10 நொடி நீடித்தாலே சேர்தொகையின் பங்கு மைனஸ் 28 பாகையை எட்டிவிடும். அதன்பின் திடீர்க் காற்று வந்து, சுழலி இலக்கு வேகத்தைத் தொட்ட கணத்தில் 2 மெகாவாட் மிகுதியாக நுழைகிறது என்று கொள்வோம். சுழலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் ஏறும். அந்த 28 பாகைக் கடன் தீரச் சுமார் 4 நொடி ஆகும். இறக்கை அசையத் தொடங்கும்போதே வேகம் இலக்கைவிட 11 சதவீதம் மேலே போயிருக்கும். மேலே உள்ள நிரலின் நான்காவது வரி இதற்காகவே. சேர்தொகையை 0-க்குக் கீழே விடாமல் பிடித்துவைத்தால், வேகம் இலக்கைத் தாண்டியவுடனேயே இறக்கை திரும்பத் தொடங்குகிறது. ஆணையிடும் கோணத்தை மட்டும் 0-க்கும் 90-க்கும் இடையில் வெட்டிவிட்டால் இந்தப் பயன் கிடைக்காது. கடன் உள்ளே மறைந்து கிடக்கும், வரைபடத்தில் இறக்கை 0 பாகையில் அமைதியாக நிற்பதாகத்தான் தெரியும்.

கோபுரத்தின் அசைவு இன்னும் இந்த உருவகத்தில் இல்லை. இறக்கையைத் திருப்பும்போது சுழலியின் மீதான உந்துவிசை குறைகிறது. கோபுரம் முன்னோக்கிச் சாயும் நேரத்தில் அது நிகழ்ந்தால் சாய்வு மேலும் கூடும். மிதக்கும் தளத்தில் நிறுத்தப்பட்ட அதே 5 மெகாவாட் காற்றாலைக்குக் கட்டுப்பாட்டின் இயல் அதிர்வெண்ணை 0.6-இலிருந்து 0.2 ரேடியனுக்கு இறக்கியது இதற்காகவே. கோபுரத்தைச் சேர்த்ததும், அந்தக் கெழுக்களைக் கொண்டு வேகம் எவ்வளவு கூடுதலாக அலைகிறது என்பதை முதலில் அளக்கப் போகிறேன்.