செல்ஃபி பிராக்டிகல்: பின் கேமராவில் மதிப்பெண் எங்கே இருக்கிறது?

ரிசல்ட் வந்துவிட்டது. மொபைல் போட்டோகிராபி பிராக்டிகலில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண், மனசு லேசாக இருக்கிறது. பாளையங்கோட்டை ஜூனியர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, அந்த செல்ஃபி கேள்வியை எப்படிச் செஞ்சீங்க?" ரெக்கார்ட், ஆல்பம் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கேள்வி இதுதான். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முன் கேமராவில் ஒன்றும் பின் கேமராவில் ஒன்றும் உன்னை நீயே படமெடு. பிறகு வித்தியாசத்துக்குக் காரணம் சொல். இதற்கு "பின் கேமரா 50 மெகாபிக்சல், முன் கேமரா 16" என்று சொன்னால் வைவா அங்கேயே முடிந்துவிடும். 50 மெகாபிக்சல் சென்சார் வழக்கமாகத் தருவதே நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்த 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான். எண்ணிக்கையில் முன் கேமராதான் பெரிது என்றுகூட ஆகிவிடும்.

நான் சொன்னது சென்சாரின் பரப்பளவு. நடுத்தர விலை போன் ஒன்றில் பின் சென்சார் ஏறக்குறைய 8 மி.மீ.க்கு 6 மி.மீ., அதாவது 48 சதுர மி.மீ. முன் சென்சார் 4.8-க்கு 3.6, சுமார் 17 சதுர மி.மீ. பரப்பிலேயே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்புறம் லென்ஸ் துவாரம்: பின்னால் f/1.8, முன்னால் f/2.2. எண் சின்னதானால் துவாரம் பெரிது. அதில் இன்னும் ஒன்றரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால், ஒரே ஷட்டர் வேகத்தில் பின் கேமராவுக்கு நான்கு மடங்குக்கு மேல் வெளிச்சம் கிடைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். அதை மறைக்கப் போன் தானாகவே படத்தைத் தேய்க்கும். அந்தத் தேய்ப்பில்தான் புருவ முடியும் தோலின் மெல்லிய கோடும் போய்விடுகின்றன. பின்பக்கம் கேமராவைப் புடைக்கவிட்டு இடம் கொடுக்கலாம். திரைக்குள் ஒரு சின்னத் துளையில் அடங்க வேண்டிய முன் கேமராவுக்கு அந்த இடம் இல்லை. உச்சி வெயிலில் எடுத்தால் இந்த வித்தியாசம் பாதிக்குமேல் மறைந்துவிடும், அதையும் சொல்லுங்கள். ஜன்னலோர நிழலிலும் ட்யூப்லைட்டிலும்தான் அது துலக்கமாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் ஃபோகஸ். என் கருத்தில் மதிப்பெண் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பல போன்களில் முன் கேமராவுக்கு ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கை நீட்டினால் முகம் வரும் தூரத்துக்கு லென்ஸைப் பொருத்தி நிலையாக வைத்துவிடுகிறார்கள். சென்சார் சின்னது என்பதால் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தூரம் தெளிவாக விழும். குச்சியில் மாட்டி ஒரு மீட்டருக்கு அப்பால் கொண்டுபோனால் முகம் மெதுவாகக் கூர்மை இழக்கும். விலை உயர்ந்த சில போன்களில் இப்போது முன்னாலும் ஆட்டோ ஃபோகஸ் வருகிறது (ஐபோனில் 2022-இல் வந்த 14 வரிசை முதல்). உங்கள் போனில் சோதிப்பது சுலபம்: உள்ளங்கையை முன் கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டுங்கள். ரேகை எப்படியும் தெளியவில்லை என்றால் அது நிலையான ஃபோகஸ்.

பின் கேமராவுக்கு ஃபோகஸ் உண்டு. ஆனால் நீங்கள் திரையைப் பார்க்க முடியாது. முகம் ஓரமாக இருந்தால் அது நடுவில் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். என் பெஞ்சில் இருந்த தோழிக்கு அப்படித்தான் ஆனது: பின்னாலிருந்த அறிவிப்புப் பலகையின் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன, கண்கள் மங்கல். பெரிய சென்சாரில் தெளிவு விழும் ஆழம் குறைவு. அதனால் தப்பினால் முன் கேமராவைவிட மோசமாகத் தப்பும்.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டேன். போனை மேஜையில் புத்தகங்களுக்கு நடுவே, கண் உயரத்தில், ஒன்றேகால் மீட்டர் தள்ளி நிறுத்தினேன். நாற்காலியின் முதுகில், என் முகம் வரும் உயரத்துக்குக் கட்டம் போட்ட துண்டைத் தொங்கவிட்டேன். திரையில் அந்தத் துண்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்ததும் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொண்டன (ஐபோனில் AE/AF LOCK என்று வரும், மற்றவற்றில் பூட்டுப் படம்). பத்து நொடி டைமரைத் தட்டிவிட்டு, துண்டை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் முகம் வரும்படி சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஏன் கட்டம் போட்ட துண்டு? ஃபோகஸ் பிடிக்கக் கோடுகள் வேண்டும். வெறும் சட்டைத் துணி என்றால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கறுப்புப் பையைத் தொங்கவிட்டால் கேமரா இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளுத்துப்போகும். வெள்ளைத் தாள் வைத்தால் நேர்மாறு. உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்தில், நடுத்தர நிறத்தில், கோடு உள்ள எதுவும் சரி.

குறுக்குத்துறையில் ஆற்றைப் பின்னால் வைத்துக் கல் மண்டப நிழலில் பழகிப் பாருங்கள். வெளியே தண்ணீர் தகதகக்கும், முகம் இருட்டடிக்கும். இந்தப் பூட்டு முகத்துக்கான ஃபோகஸையும் வெளிச்சத்தையும் ஒன்றாகச் சரிசெய்துவிடும், தண்ணீர் மட்டும் வெளுத்துப்போகும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இது ஏன் தெளிவா இல்ல?" என்று கேட்பார். எங்கள் லேப் அண்ணாச்சி "கண்ணாடி துடைச்சியா, கண்ணு இமையப் பாத்தியால?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இமையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்:

- இமை மங்கல், காதோ பின்சுவரோ தெளிவு: ஃபோகஸ் தப்பியிருக்கிறது.
- எல்லாமே ஒரே திசையில் இரட்டைக்கோடு: கை ஆடியிருக்கிறது.
- இமை பெயிண்ட் அடித்ததுபோல் ஒட்டிக்கிடக்கிறது: வெளிச்சம் குறைவு, அல்லது அழகுபடுத்தும் வசதி ஆன் ஆகியிருக்கிறது. பல போன்களில் முன் கேமராவுக்கு அது தானாகவே ஆன் ஆகியிருக்கும், முதலில் அணைத்துவிடுங்கள்.
- விளக்கைச் சுற்றிப் பால்போலப் படர்ந்திருக்கிறது: லென்ஸில் கை எண்ணெய்.

முன் கேமராவுக்கு நான் செய்தவை கொஞ்சம்தான். பேசும்போது கன்னம் படும் இடம் அது, பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தேன். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டினேன். கையை முழுக்க நீட்டி எடுத்துவிட்டு அப்புறம் வெட்டினேன். பக்கத்தில் வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் தூரம்தான், லென்ஸ் அல்ல. படத்தை எடுக்கத் திரையைத் தட்டாமல் ஒலி பட்டனை அழுத்தினேன், ஆட்டம் குறைந்தது.

ஒரு எச்சரிக்கை. 0.5 என்று வரும் அகல லென்ஸில் எடுத்துவிட்டு "பின் கேமராவில் எடுத்தேன்" என்று காட்டாதீர்கள். பெரும்பாலும் அதன் சென்சாரும் சின்னதுதான், பல போன்களில் அதற்கும் ஆட்டோ ஃபோகஸ் இல்லை. முகம் ஓரத்தில் வந்தால் இழுபட்டும் போகும். 1x-இல் வைத்து எடுங்கள். எடுத்ததும் இமையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவில்லை என்றால் துண்டைத் திரும்பத் தொங்கவிட்டு மறுபடி பூட்டுங்கள். நேரம் தாராளமாகவே கொடுக்கிறார்கள்.